நடுக்கோட்டிலிருந்து அளந்த வீடு

மேசையில் விரித்துவைத்த தாளில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. "சேர், இந்தக் கோடு நாங்க பார்த்த வீட்டுக்கு மேலாலயா போகுது?" என்று அந்த ஆசிரியை கேட்டார். கணவர் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், திருகோணமலை வீதியோரமாக, வந்தாறுமூலையில் ஒரு பழைய வீட்டுக்கு முற்பணம் கொடுக்கவிருந்தார்கள். வீதியை அகலமாக்கப் போகிறார்கள், முன்பக்கம் உடைபடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் நகரத் திட்டத்தின் நிறப் பிரதி ஒன்றையும் கொடுத்து, இதைப் பார்த்தால் தெரியும் என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் உரிமம் பெற்ற நில அளவையாளன். ஏறாவூர்ப்பற்றில் முப்பது வருடத்துக்கு மேலாகக் காணி அளக்கிறேன். அந்தத் தாளை வாங்கியதும் கோட்டைப் பார்க்கவில்லை. தாளின் மூலையில் அச்சிட்டிருந்த எல்லையைத்தான் பார்த்தேன். அது மட்டக்களப்பு மாநகரத்துக்கான வரைபடம். வந்தாறுமூலை அதற்குள் இல்லை. நகரத்திலிருந்து வடக்கே வந்து, ஏறாவூரையும் செங்கலடியையும் தாண்டின பிறகுதான் வந்தாறுமூலை. உள்ளூராட்சிக்கு அது ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபை. அவர்கள் மூன்று நாளாகப் பயந்தது வேறொரு ஊரின் கோட்டுக்கு.

இதில் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் திட்டம் எல்லா இடத்துக்கும் தானாகப் பொருந்தாது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒரு பிரதேசத்தை அமைச்சர் வர்த்தமானியில் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்ய வேண்டும். அபிவிருத்தித் திட்டம் செல்வது அந்தப் பிரகடனத்தின் எல்லைக்குள்தான். ஆகவே முதலில் படிக்க வேண்டியது வரைபடத்தை அல்ல, வர்த்தமானி அறிவித்தலில் எல்லையைச் சொல்லும் அட்டவணையை. அங்கே உங்கள் காணி நிற்கும் பிரிவு இருக்கிறதா என்று கண்டுகொண்ட பிறகுதான் நிறங்களுக்கும் கோடுகளுக்கும் அர்த்தம் வரும்.

உங்கள் காணி அந்த எல்லைக்குள் இருந்தாலும் வரைபடத்தில் விரல் வைத்து அளக்க முடியாது. நகரத் திட்டங்கள் ஒன்றுக்குப் பத்தாயிரம் போன்ற அளவுத்திட்டத்தில் வரையப்படுவதுண்டு. அதில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 10 மீற்றர். அவர்கள் பார்த்த வளவின் முகப்பு 12 மீற்றர். தாளில் அது ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. அரை மில்லிமீற்றர் தடிப்பில் அடிக்கும் சிவப்புக் கோடு 5 மீற்றர் அகலத்தை மூடிவிடும். வீட்டின் விறாந்தை தப்புமா, உடையுமா என்பது அந்தக் கோட்டின் தடிப்புக்குள்ளேயே மறைந்துபோகும். போட்டோப் பிரதி எடுக்கும்போது தாள் சுருங்கியோ பெருத்தோ இருந்தால், பக்கத்தில் எழுதியிருக்கும் விகிதமும் பொய்யாகிவிடும். வரைபடம் உங்களுக்கு ஒரே ஒரு விடயம் சொல்லும்: இந்த வீதியைப் பற்றி யாரோ ஒருவர் ஏற்கெனவே யோசித்திருக்கிறார், போய்க் கேளுங்கள். மீற்றரில் பதில் எழுதப்பட்ட ஏட்டில் இருக்கிறது, படத்தில் இல்லை.

சரி, யாரிடம் கேட்பது? வீதி யாருடையது என்று முதலில் தெரிய வேண்டும். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. சி, டி வகுப்பு வீதிகள் மாகாண சபையின் வீதித் திணைக்களத்துக்கு உரியவை. மற்ற ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் பிரதேச சபையிடம். வந்தாறுமூலையில் வீட்டுக்கு முன்னால் ஓடுவது ஏ-15, மட்டக்களப்பு–திருகோணமலை நெடுஞ்சாலை. பிரதேச சபைக்குப் போய் வீதியை அகலமாக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டால், "எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை" என்று உண்மையாகவே சொல்வார்கள். அது அவர்களுடைய வீதியே அல்ல. அந்தப் பதிலைக் கேட்டு நிம்மதியாக வீடு வாங்கியவர்களை நான் அறிவேன். மூலை வளவாக இருந்து பக்கத்தில் ஒரு ஒழுங்கை ஓடினால் இரண்டு இடத்திலும் கடிதம் எடுக்க வேண்டும்.

ஆகவே இரண்டு விண்ணப்பம் எழுதினோம். ஒன்று வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறியியலாளர் அலுவலகத்துக்கு. மற்றது பிரதேச சபைக்கு. "வீதிக்கோடும் கட்டிட எல்லையும் தருக" என்று மட்டும் எழுத நான் விடவில்லை. கிலோமீற்றர்க் கல்லையும் பக்கத்திலுள்ள மதகையும் குறிப்பிட்டு, இடம் மாறாதபடி இடத்தைச் சொன்னோம். கோடுகள் எந்த மையத்திலிருந்து அளக்கப்பட வேண்டும், அந்த மையத்தைத் தளத்தில் யார் காட்டுவார், இந்த இடத்தில் அகலமாக்கலுக்கோ காணி சுவீகரிப்புக்கோ தீர்மானம் உண்டா என்றும் கேட்டோம். கேட்காத கேள்விக்கு அலுவலகம் பதில் தருவதில்லை. அது அவர்களின் பிழை அல்ல.

வீதிக்கோடும் கட்டிட எல்லையும் ஒன்றென்று நினைப்பவர்கள் அதிகம். வீதிக்கோடு என்பது வீதி ஒரு நாள் எதுவரை வரலாம் என்பது. கட்டிட எல்லை அதற்கும் உள்ளே இருக்கும். சுவர் எதற்குப் பின்னால் எழும்ப வேண்டும் என்பதை அது சொல்லும். அந்த இடத்துக்கு வந்த கடிதத்தில் வீதிக்கோடு மையத்திலிருந்து 10 மீற்றர், கட்டிட எல்லை 15 மீற்றர் என்று இருந்தது. இந்த எண்களை எடுத்துக்கொண்டு போய் வேறு வளவில் அடித்துப் பார்க்காதீர்கள். வளைவிலும் சந்தியிலும் எண்கள் மாறும். உங்கள் கடிதத்தில் வருவதுதான் உங்கள் எண்.

கடிதத்தோடு கையில் வந்தது பாதிதான். மற்றப் பாதி வீதியில் கிடந்தது. மையம் எங்கே?

இந்தக் கேள்வியால் ஒருவருக்கு நான் நட்டம் ஏற்படுத்தியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த ஆரம்பத்தில் ஒரு தச்சர், வீதியோரமாகப் பட்டறை போட வந்தார். தார் போட்ட பகுதியின் அகலத்தை அளந்து, அதன் நடுவிலிருந்து எண்ணி, முளை அடித்துக் கொடுத்தேன். அத்திவாரம் வெட்டிக் கல்லும் வைத்துவிட்டார். பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்தபோது அத்திவாரம் கட்டிட எல்லைக்கு 40 சென்றிமீற்றர் முன்னால் நின்றது. தார் வீதியின் நடுவும் வீதித் திட்டத்தின் மையமும் வேறு வேறு. ஒரு பக்கத்தில் கோயில் மதில், மறு பக்கத்தில் வடிகான் என்று தாரை ஒரு பக்கமாக ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். அவர் அந்தக் கல்லைத் திரும்பப் பிடுங்கினதை நான் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டை நான் மையமென்று எடுப்பதில்லை.

இந்த முறை உத்தியோகத்தர் நேரில் வந்து, தங்கள் படத்தில் உள்ள இரண்டு புள்ளிகளிலிருந்து மையத்தைக் காட்டினார். வெள்ளைக் கோட்டிலிருந்து முன் மதில் வரை 8.7 மீற்றர். அவர் காட்டிய மையத்திலிருந்து 8.2. அரை மீற்றர் வித்தியாசம். மையம் வீட்டுப் பக்கமாக இருந்தது. ஆகவே கோடுகளும் வீட்டுப் பக்கமாக அரை மீற்றர் நகர்ந்தன. அந்த இடத்தில் தரையில் ஆணி அடித்து, படம் எடுத்து, இரண்டு மின்கம்பங்களிலிருந்து தூரம் எழுதி வைத்தேன். ஆணி காணாமல் போனாலும் எழுதின தூரங்கள் மிஞ்சும்.

பிறகு மதிலுக்குள் போனோம். மதிலிலிருந்து விறாந்தைத் தூண் 4.1 மீற்றர். அதாவது மையத்திலிருந்து 12.3. கட்டிட எல்லை 15. வீட்டின் முன்பக்கம் 2.7 மீற்றர் அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்றது. விறாந்தை முழுவதும், முன் அறையில் ஒரு பகுதியும்.

"அப்ப வீட்டை உடைப்பாங்களா சேர்?" என்று ஆசிரியை கேட்டார்.

உடைக்க மாட்டார்கள், இப்போதைக்கு. வீடு ஏற்கெனவே நிற்கிறது. ஆனால் கோடு வேலைசெய்வது இயந்திரம் வரும் நாளில் மட்டும் அல்ல. அவர்களின் கனவு எனக்குத் தெரியும்: முன் விறாந்தையின்மேல் ஒரு மாடி, கீழே மாணவர்களுக்குப் பிரதி எடுக்கும் கடை. பல்கலைக்கழகக் கல்லூரியாக 1981 இல் தொடங்கியது 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமான பிறகு அந்த வீதியோரம் முழுவதும் அந்தக் கனவில்தான் விலை ஏறியிருக்கிறது. கட்டிட எல்லைக்கு முன்னால் புதிதாகக் கட்ட, மேலே எழுப்ப, இடிந்ததைத் திரும்பக் கட்ட அனுமதி கேட்டால் கிடைக்காது. கிடைத்தாலும், வீதி தேவைப்படும்போது இழப்பீடு கேட்க மாட்டேன் என்று ஒப்பந்தம் எழுதித் தந்தால்தான் தற்காலிகமாகத் தருவார்கள். வீதியை ஒரு நாளும் அகலமாக்காவிட்டாலும் அந்த 2.7 மீற்றர் அப்படியேதான் இருக்கும். வங்கியும் கடன் கொடுக்க இந்தக் கடிதத்தைக் கேட்கும்.

சென்னையில் வீடு வாங்கிய என் மைத்துனன் வேறு மாதிரி ஒரு முறையைச் சொன்னான். அங்கே 2008 இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது பெருந்திட்டத்தில் சர்வே எண்ணைக் கொண்டு பார்க்கலாமாம். வீதிக்கு வேண்டிய துண்டைக் கட்டிட அனுமதி எடுக்கும்போதே தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தால், அதற்குப் பதிலாக வேறிடத்தில் பயன்படுத்தும் கட்டிட உரிமை தரும் வழியும் அங்கே இருக்கிறதாம். முறை வேறு, ஆனால் வந்து கடிக்கும் இடம் ஒன்றுதான்: நீங்கள் ஒரு செங்கல் வைக்கக் கேட்கும் நேரம்.

இதற்குமேல்தான் எனக்கு அந்த வந்தாறுமூலை வளவில் உண்மையான வேலை வந்தது. விற்பவர் 20 பேர்ச் என்றார். வளவை அளந்தேன். முகப்பு 12 மீற்றர், ஆழம் 42.2. பெருக்கினால் 506.4 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் என்று வகுத்தால் 20 பேர்ச் சரியாக வருகிறது. ஆனால் உறுதியோடு இணைத்திருந்த பழைய அளவைப் படத்தில் ஆழம் 41 மீற்றர்தான். 492 சதுர மீற்றர், பத்தொன்பதரைப் பேர்ச்சுக்குச் சற்றுக் குறைய.

அந்த 1.2 மீற்றர் எங்கிருந்து வந்தது? பின் எல்லையில் அளவைக் கல் அசையாமல் இருந்தது. பின் வளவுக்காரரின் படமும் அதே கல்லைக் காட்டியது. ஆகவே பின்னால் வளரவில்லை. முன்னால் வளர்ந்திருக்கிறது. யுத்த காலத்தில் எங்கள் ஊரில் வேலியை விட்டுவிட்டு ஓடினவர்கள்தான் அதிகம். திரும்பி வந்தபோது கதியால் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. கையில் படமில்லாமல் வேலி அடித்தார்கள். வீதியும் அப்போது ஒடுங்கிக் கிடந்தது. வேலி வீதியோரத்துக்குப் போய் நின்றது, பிறகு அதன்மேல் மதில் வந்தது. யாரும் திருடவில்லை. ஆனால் மதிலுக்கும் உண்மையான எல்லைக்கும் இடையில் இருக்கும் 14.4 சதுர மீற்றர் விற்பவருடையதல்ல, வீதியுடையது.

இதைக் கணக்கில் எடுத்தால் முழுக் கதையும் மாறுகிறது. மதில் மையத்திலிருந்து 8.2. உண்மையான எல்லை 9.4. வீதிக்கோடு 10. மதிலிலிருந்து பார்ப்பவருக்கு 1.8 மீற்றர் போகப்போகிறது. உறுதியிலிருந்து பார்ப்பவருக்குப் போவது 0.6 மீற்றர்தான், 7.2 சதுர மீற்றர், பேர்ச்சில் கால் பங்கும் கொஞ்சமும். சுவீகரிப்பு ஒன்று வந்தால் இழப்பீடு கிடைப்பது அந்த 7.2 க்கு மட்டும். மற்ற 14.4 க்கு விலை கொடுத்தவர் வீதிக்கே விலை கொடுத்தவர். வீதி அகலமாக்கும்போது "என் காணியை எடுத்துவிட்டார்கள்" என்று அழுகிறவர்களில் சிலர் உண்மையில் இழந்தது இதைத்தான். அதை அவர்களுக்குச் சொல்வது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அதைப் பயனோடு சொல்லக்கூடிய நேரம் வாங்குவதற்கு முன்பு மட்டும்தான்.

உறுதிக்காணியாக இருந்ததால் இந்தக் கணக்காவது சாத்தியமானது. எங்கள் மாவட்டத்தில் அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்தக் காணியில் கைமாற்றமே விதிகளுக்கு உட்பட்டது. அப்படிப்பட்ட ஒன்றை வீதியோரத்தில் யாராவது விற்க வந்தால், கோடுகளைத் தேடுவதற்கு முன்பு பிரதேச செயலகத்தில் காணிப் பகுதிக்குப் போங்கள்.

பிரதேச செயலகத்துக்கு இந்தத் தம்பதியையும் அனுப்பினேன், வேறு காரணத்துக்கு. வீதிக்கோடு இருப்பதும் சுவீகரிப்புத் தொடங்கியிருப்பதும் வேறு வேறு விடயம். 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் படிகள் இருக்கின்றன. 2 ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால், ஒரு பொதுத் தேவைக்கு அந்தப் பகுதியில் காணி வேண்டியிருக்கிறது, அளக்க வருவார்கள் என்று அர்த்தம். 5 ஆம் பிரிவுப் பிரகடனம் வந்தால் எடுப்பதென்றே தீர்மானமாகிவிட்டது. 7 ஆம் பிரிவு உரிமை கோருவோரைக் கூப்பிடும். 38 ஆம் பிரிவுக் கட்டளையோடு உடைமை அரசுக்குப் போகிறது. அவசரத் தேவை என்று கண்டால் விசாரணைகள் முடியுமுன்பே உடைமையை எடுக்கவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. 2 ஆம் பிரிவு அறிவித்தலைக் காணிக்குக் கிட்ட ஒட்டுவார்கள். மழையில் கிழிந்துபோகும். விற்பவர் அதைக் கண்டிருந்தாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டார். அதனால் செயலகத்தில் அந்தப் பகுதிக்கு எந்தப் பிரிவிலாவது அறிவித்தல் உண்டா என்று எழுத்தில் கேட்க வேண்டும். கிராம உத்தியோகத்தரையும் கேட்கலாம். அறிவித்தல் ஒட்டப்பட்டால் அவர்தான் முதலில் அறிவார்.

அங்கே ஒன்றும் இல்லையென்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தின் திகதியை ஆசிரியையின் கணவருக்குக் காட்டினேன். "மனே, இது இந்த நாள் வரைக்கும்தான். நாளைக்கு ஒரு அறிவித்தல் வந்தா இந்தக் கடிதம் தடுக்காது." ஏ-15 இல் போர் முடிந்த பிறகு நிறைய வேலை நடந்திருக்கிறது. செங்கலடிச் சந்தியில் பதுளையிலிருந்து வரும் ஏ-5 வந்து சேர்கிறது. அந்த வீதியையும் புதுப்பித்தார்கள். வாகனம் பெருகும் சந்திக்கு வடக்கே இருக்கும் வீட்டுக்காரர் வீதி ஒரு நாளும் மாறாது என்று நினைத்துக்கொண்டு வாங்கக் கூடாது.

இறுதியில் அவர்கள் வீட்டை வாங்கினார்கள். நான் புதிய அளவைப் படம் ஒன்று வரைந்து, 9.4 மீற்றரில் எல்லையும் 10 மீற்றரில் வீதிக்கோடும் 15 மீற்றரில் கட்டிட எல்லையும் தனித்தனியாகக் காட்டினேன். நொத்தாரிசிடம் அந்தப் படத்தின்படியே பரப்பை எழுதச் சொன்னோம்: 492 சதுர மீற்றர். 20 பேர்ச்சுக்குப் பேசின விலை அந்தப் பரப்புக்கு இறங்கியது. விற்பவர் முதலில் ஒப்பவில்லை. படத்தையும் பின் எல்லைக் கல்லையும் நேரில் காட்டினோம். அவருடைய தகப்பன் வேலி அடித்த கதையை அவரே சொன்னார். பிறகு ஒப்பினார். மாடியைப் பின்பக்கத்தில் கட்டத் திட்டம் மாறியது. கட்டிட எல்லைக்குப் பின்னால் 35.4 மீற்றர் ஆழம் மிச்சமிருந்தது, அதற்கு அது தாராளம். பிரதி எடுக்கும் கடையை ஏற்கெனவே நிற்கும் முன் அறையிலேயே, சுவரைத் தொடாமல், தொடங்கினார்கள்.

மதில் சாயத் தொடங்கியபோது புதிதாகக் கட்ட எங்கே முளை அடிப்பதென்று கேட்டு வந்தார்கள். 9.4 இல் அடிக்கலாம், அது உங்கள் எல்லை என்றேன். ஆசிரியை ஆணி இருக்கும் இடத்தையும் வீதியையும் ஒருமுறை பார்த்தார். "பத்திலேயே அடியுங்க சேர்" என்றார். 60 சென்றிமீற்றர் மதிலுக்கு வெளியே நின்றது. அதில் செவ்வரத்தை நட்டிருக்கிறார்கள்.